ஒரே ஆள், மூன்று பெயர்: எச்.ஆருக்கு என்ன எழுதுவது?

"பி.காம். முடித்து 2019-லிருந்து ஈரோட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். 2021-ல் திருமணம். இப்போது கோவையில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. மார்க் ஷீட், டிகிரி, பழைய கம்பெனியின் அனுபவச் சான்று எல்லாவற்றிலும் அப்பா இனிஷியலோடு 'எம். சுகன்யா'. திருமணத்துக்குப் பிறகு ஆதாரையும் வங்கிக் கணக்கையும் 'சுகன்யா தினேஷ்' என்று மாற்றினேன். பான் கார்டு பழையதுதான். புதுக் கம்பெனி எச்.ஆர். 'பெயர் வேறுபாட்டுக்கு எழுத்தில் விளக்கம் கொடுங்கள்' என்று மெயில் அனுப்பியிருக்கிறார். பிரவுசிங் சென்டரில் கேட்டால் கெஜட்டில் போட வேண்டும் என்கிறார்கள், கணவர் நோட்டரி அஃபிடவிட் போதும் என்கிறார். டிகிரியையே மாற்ற வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. என்ன எழுதுவது?"
– ஒரு வாசகி (பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன)

டிகிரியைத் தொடாதீர்கள். மார்க் ஷீட்டும் பட்டமும் நீங்கள் பரீட்சை எழுதிய நாளில் உங்களுக்கு என்ன பெயர் இருந்ததோ அதைச் சொல்லும் காகிதங்கள். கல்யாணம் ஆனதற்காக யாரும் அவற்றைத் திருத்துவதில்லை, எந்தக் கம்பெனியும் அப்படி எதிர்பார்ப்பதும் இல்லை. கெஜட்டும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கேஸுக்கு அரைப் பக்கக் கடிதமும் திருமணப் பதிவுச் சான்றும் போதும்.

நான் பதினெட்டு வருடமாக எச்.ஆர். மேஜையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். அந்த மெயிலை அனுப்பியவர் உங்களைச் சந்தேகப்படவில்லை. அவர் முன்னால் ஒரு பட்டியல் இருக்கும்: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி, அனுபவச் சான்று, ஆதார், பான், வங்கி பாஸ்புக். ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் சரியா என்று டிக் போட வேண்டும். உங்கள் ஃபைலில் ஓர் இடத்தில் டிக் விழவில்லை. நாளை ஆடிட்டரோ வெளியிலிருந்து சரிபார்க்க வரும் ஏஜென்சியோ 'இது யார்?' என்று கேட்டால் எடுத்துக் காட்ட அவருக்கு ஒரு காகிதம் வேண்டும். நீங்கள் எழுதப் போவது அந்தக் காகிதம்தான்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். எல்லா ஆவணங்களையும் மேஜையில் பரப்பி, ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: ஆவணம், அதில் அச்சான பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி. பெயரை நினைவிலிருந்து எழுதாதீர்கள். கண்ணால் பார்த்து, எழுத்துக்கு எழுத்து, புள்ளி உள்பட அப்படியே எழுதுங்கள்.

இதைச் செய்தால் உங்களுக்கு ஒன்று தெரியவரும். உங்களிடம் இரண்டு பெயர் இல்லை, மூன்று இருக்கிறது. 'பான் கார்டு பழையதுதான்' என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். அதை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் 'எம். சுகன்யா' என்று இருக்காது, அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொண்டால் 'சுகன்யா முருகேசன்' என்று இருக்கும். பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் வெறும் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நம் ஊரில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் போய் உட்கார்ந்துவிடும். எச்.ஆர். தமிழ்நாட்டுக்காரர் என்றால் 'எம்' என்பது முருகேசன் என்று பார்த்தவுடன் புரிந்துகொள்வார். ஆனால் சரிபார்க்கும் ஏஜென்சி ஆள் வேறு மாநிலத்தில் இருக்கலாம். அவருக்கு சுகன்யா தினேஷ், சுகன்யா முருகேசன் என்பவர்கள் இரண்டு குடும்பத்துப் பெண்கள். மூன்றாவதான 'எம். சுகன்யா'வில் எது முதல் பெயர் என்றே அவருக்குப் பிடிபடாது. இதேபோல் ஒரு ஃபைலில் பான் கார்டில் இருந்த பெயரைக் காட்டி, இவர்தான் முன்னாள் கணவரா என்று ஓர் ஏஜென்சி எங்களிடம் கேட்டதுண்டு. பாவம், அவர் அப்பா.

அதே பான் கார்டுதான் உங்களுக்குப் பெரிய துணையும் கூட. கல்யாணமான பெண்ணாக இருந்தாலும் பான் அட்டையில் கணவர் பெயர் வராது, அப்பா பெயர்தான் வரும், கேட்டுக்கொண்டால் அம்மா பெயர் போடுவார்கள். ஆக உங்கள் அட்டையில் கீழே 'முருகேசன்' என்று தனியாக ஒரு வரி இருக்கும். மார்க் ஷீட்டில் உள்ள 'எம்' எதன் சுருக்கம் என்பதற்கு அந்த வரியே சான்று.

அடுத்தது திருமணப் பதிவுச் சான்று. கோயிலில் கொடுத்த ரசீதோ பத்திரிகையோ இந்த வேலைக்கு ஆகாது, சார்பதிவாளர் அலுவலகச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் உங்களிடம் இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் பலர் நினைப்பதுபோல அந்தச் சான்று 'இன்று முதல் இவர் சுகன்யா தினேஷ்' என்று எங்கும் சொல்வதில்லை. மணமகள் சுகன்யா, தகப்பனார் முருகேசன், மணமகன் தினேஷ், திருமணம் நடந்த தேதி, இடம். அவ்வளவுதான் அதில் இருக்கும். புதுப் பெயர் அதில் கிடையாது. மீதியைப் படிப்பவர் தாமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்: இந்தச் சுகன்யா முருகேசனின் மகள், தினேஷைக் கட்டியவர், ஆகவே ஆதாரில் உள்ள சுகன்யா தினேஷ் இவர்தான். அந்தக் கூட்டலை அவருக்காக நீங்களே போட்டுக் காட்டுவதற்குத்தான் கடிதம். சான்றை மட்டும் ஸ்கேன் செய்து, ஒரு வரிகூட எழுதாமல் அனுப்புகிறவர்களின் ஃபைல்தான் மறுபடி மறுபடி திரும்பி வரும்.

சரி, கடிதம். உங்கள் கம்பெனியில் மெயில் எல்லாம் ஆங்கிலத்தில் என்றால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பொருள்: ஆவணங்களில் பெயர் வேறுபாடு – விளக்கம்

மனிதவளப் பிரிவுக்கு, வணக்கம்.

என் பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களிலும் முந்தைய நிறுவனத்தின் அனுபவச் சான்றிலும் என் பெயர் 'எம். சுகன்யா' என்று உள்ளது. 'எம்' என்பது என் தந்தை முருகேசன் பெயரின் முதல் எழுத்து. பான் அட்டையில் அதே பெயர் 'சுகன்யா முருகேசன்' என்று விரிவாக உள்ளது.

2021-ல் எனக்கும் திரு. தினேஷ் அவர்களுக்கும் திருமணம் நடந்தது. அதன் பிறகு ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் என் பெயர் 'சுகன்யா தினேஷ்' என்று பதிவாகியுள்ளது. இந்த மூன்று பெயர்களும் என்னையே குறிக்கும். பிறந்த தேதி எல்லா ஆவணங்களிலும் ஒன்றே. திருமணப் பதிவுச் சான்றின் நகலை இணைத்துள்ளேன்.

நிறுவனப் பதிவுகளிலும் வருங்கால வைப்பு நிதியிலும் ஆதாரில் உள்ளபடி 'சுகன்யா தினேஷ்' என்று பதிவுசெய்யக் கேட்டுக்கொள்கிறேன். கல்லூரியிலும் முந்தைய நிறுவனத்திலும் சரிபார்க்கும்போது 'எம். சுகன்யா' என்ற பெயரில் விசாரிக்கவும்.

இப்படிக்கு,
சுகன்யா தினேஷ் (சான்றிதழ்களில்: எம். சுகன்யா)

அவ்வளவுதான். தேதி, கையெழுத்து, பழைய கம்பெனியின் பணியாளர் எண் இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆதார் எண்ணைக் கடிதத்தில் எழுத வேண்டாம். நகல் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை யு.ஐ.டி.ஏ.ஐ. தளத்திலிருந்து இறக்கிக் கொடுக்கலாம்.

'என் பெயரை மாற்றிக்கொண்டேன்' என்று கடிதத்தில் எங்கேயும் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். பெயரை மாற்றினேன் என்று எழுதிவிட்டால், விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கும் ஒருவர் 'அப்படியானால் கெஜட் எங்கே?' என்று கேட்பார். உங்கள் சொந்தப் பெயரான சுகன்யா மாறவே இல்லை, அதோடு ஒட்டியிருந்த அப்பா பெயர் போய்க் கணவர் பெயர் வந்திருக்கிறது. 'ஆதாரில் இப்படிப் பதிவாகியுள்ளது' என்று எழுதினால் விஷயம் உள்ளபடி இருக்கும். கல்யாணமானால் பெண் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் கிடையாது. மாற்றியதற்கோ மாற்றாமல் விட்டதற்கோ காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதி 'சிரமத்துக்கு மன்னிக்கவும், மாமியார் வீட்டில் சொன்னதால் மாற்ற வேண்டியதாயிற்று' என்று ஆரம்பிக்கும். அதில் மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது? மாமியாரை எந்த ஃபைலில் வைப்பது?

கடைசிப் பத்திதான் பலரும் எழுத மறப்பது. வேறுபாட்டை விளக்கிவிட்டு, எந்தப் பெயரில் என்னைப் பதிய வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அப்போது பதிவேற்றும் கிளார்க் தன் கையில் முதலில் எந்தக் காகிதம் இருக்கிறதோ அதைப் பார்த்து அடிப்பார். ஆஃபர் லெட்டரில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பி.எஃப்.-இல் இன்னொன்று.

பி.எஃப்.-இல் தப்பு விழுந்தால் அன்றைக்குத் தெரியாது என்பதுதான் சங்கடம். மாதாமாதம் பணம் ஏறிக்கொண்டே இருக்கும், பணத்தை எடுக்கவோ மாற்றவோ போகும்போதுதான் நிற்கும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பெண் ஐந்து வருடம் கழித்து, பிரசவத்துக்காக வேலையை விட்டுவிட்டுப் பணத்துக்கு விண்ணப்பித்தார். ஆதாரில் கணவர் பெயர், எங்கள் பதிவில் அப்பா இனிஷியல். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. சேர்ந்த அன்றே அவர் எங்களிடம் திருமணச் சான்றைக் கொடுத்திருந்தார். அது ஃபைலில் பத்திரமாக இருந்தது, ஆனால் கணினியில் பெயரை அடித்தவர் மார்க் ஷீட்டைப் பார்த்து அடித்திருந்தார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவர் ஆபீஸ் படியேறி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தப்பு எங்களுடையது.

ஆகவே பி.எஃப்.-இல் ஆதார் பெயரே இருக்கட்டும், ஏனென்றால் அங்கே எல்லாமே ஆதாரோடு ஒத்துப்பார்த்துத்தான் நகரும். 2019-லிருந்து வேலை பார்த்ததால், கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என். உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும், அது பழைய பெயரில் இருக்கும். புதுக் கம்பெனியில் படிவம் கொடுக்கும்போது 'பெயர் வேறாக இருக்கிறதே, புதிதாகவே எடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஆளுக்கு ஒரு யு.ஏ.என்.தான். இரண்டாவதை வாங்கிவிட்டால் முதலாவதில் உள்ள பணத்தை இதற்குக் கொண்டுவருவது தனிப் பாடு. பழைய எண்ணைக் கொடுத்து, அதில் உள்ள பெயரைத் திருத்துங்கள். அந்த எண் 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு உருவாகி, ஆதாரோடு சரிபார்க்கப்பட்டிருந்தால், 2025 ஜனவரியிலிருந்து பி.எஃப். உறுப்பினர் தளத்தில் நீங்களே பெயரைத் திருத்தலாம், பழைய கம்பெனியின் கையெழுத்துக்கு அலைய வேண்டாம். இதைச் சேருவதற்கு முந்தைய வாரமே செய்துவிட்டால் நல்லது.

பான் அட்டையை அவசரமாகத் திருத்த வேண்டியதில்லை. சம்பளத்தில் பிடிக்கும் வரி பான் எண்ணை வைத்துத்தான் உங்கள் கணக்கில் ஏறும். ஆனால் நிதானமாக அதையும் 'சுகன்யா தினேஷ்' ஆக்கிவிடுங்கள். மாற்றத்துக்கான விண்ணப்பம் தனியாக இருக்கிறது, அதோடு திருமணச் சான்றை இணைக்கலாம், எண் மாறாது. அப்போதும் அட்டையில் அப்பா பெயர் வரி அப்படியே இருக்கும், அது உங்களுக்கு நல்லதுதான். எச்.ஆர். மெயிலைப் பார்த்துப் பதறி, ஆதாரைத் திரும்பவும் பழைய பெயருக்கு மாற்றிவிடலாமா என்று மட்டும் போகாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஒன்றை ஏற்கெனவே செலவழித்துவிட்டீர்கள்.

இனி உங்கள் கணவர் சொன்ன அஃபிடவிட். அது எப்போது வேண்டும் என்பது நீங்கள் போட்ட அந்த நான்கு கட்டத்திலேயே தெரிந்துவிடும். பெயர்க் கட்டத்தில் சுகன்யா என்ற சொல் எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்தில் இருந்து, பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் தேவையில்லை. ஆனால் டிகிரியில் உங்கள் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' கூடுதலாக இருந்து ஆதாரில் இல்லை என்றால், அது கல்யாணத்தால் வந்த வேறுபாடு அல்ல. எழுத்துப் பிழை. திருமணச் சான்று அதற்குப் பதில் சொல்லாது. அங்கேதான் 'இரண்டு பெயரும் ஒரே நபரே' என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்துப் பெறும் அஃபிடவிட் உதவும். அப்படி இருந்தால் கடிதத்தில் அதை ஒரு தனி வரியாக எழுதுங்கள், கல்யாண வேறுபாட்டோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். பிறந்த தேதியே வேறாக இருந்தால் கடிதமும் அஃபிடவிட்டும் நிற்காது, தப்பாக இருக்கும் ஆவணத்தைத் திருத்தித்தான் ஆக வேண்டும். பள்ளிச் சான்றில் உள்ள தேதியைச் சரி என்று வைத்துக்கொண்டு மற்றதைத் திருத்துவதே வழக்கம்.

கெஜட் என்பது சொந்தப் பெயரே மாறும்போது. சுகன்யா என்பவர் கல்யாணத்துக்குப் பிறகு ஜாதகம் பார்த்தோ மதம் மாறியோ வேறொரு பெயர் வைத்துக்கொண்டால், பழைய பெயரையும் புதுப் பெயரையும் கட்டிப்போட அரசிதழ் அறிவிப்பு வேண்டும். உங்களுக்கு அது இல்லை. அரசு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பணிப்பதிவேட்டில் பெயர் ஏற்ற வேறு நடைமுறை உண்டு. நான் சொல்வது தனியார் கம்பெனிக்கு.

அனுப்பும்போது எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்குங்கள். முதலில் கடிதம், அடுத்து திருமணச் சான்று, பிறகு பான், ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். நகல்களில் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். கோப்புக்கு உங்கள் இரண்டு பெயரும் தெரியும்படி பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் 'ஸ்கேன் 3' என்ற பெயரோடு அது அவருடைய மெயில் பெட்டியில் காணாமல் போய்விடும்.

ஏஜென்சி அனுப்பும் விண்ணப்பப் பக்கத்தில் பெரும்பாலும் 'முந்தைய பெயர்' அல்லது 'வேறு பெயர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். கட்டாயம் இல்லை என்று எல்லோரும் தாண்டிப் போகும் கட்டம் அது. அதில் 'எம். சுகன்யா' என்று நிரப்புங்கள். அங்கே எதுவும் இல்லாவிட்டால் ஏஜென்சிக்காரர் ஈரோட்டுக் கம்பெனிக்கு போன் போட்டு 'சுகன்யா தினேஷ் என்று யாராவது வேலை பார்த்தார்களா?' என்று கேட்பார். எடுப்பவர் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு இல்லை என்பார். அந்த 'இல்லை' அறிக்கையில் ஏறிவிட்டால் அதை அழிக்க இரண்டு வாரம் ஆகும். பழைய ஆபீஸில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இன்னும் இருந்தால், இப்படி ஒரு போன் வரும், இரண்டு பெயரும் நான்தான் என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.